அப்பாவுக்கு: வயித்து ஸ்கேன் பேப்பர்ல எழுதியிருக்கறது

அப்பா, கோபியில எடுத்த ஸ்கேன் பேப்பரெ முழுசாப் படிச்சுட்டனுங்க. அம்மாவெ இதெ மெதுவா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. மேக்காலத் தோட்டத்து மாமா படிச்சுச் சொன்னதுல இருந்து நீங்க சரியாச் சாப்பிடறதில்லியாமா. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடற மாதிரி அதுல ஒண்ணுமே எழுதலீங்க. டாக்டர்கிட்டக் காட்டி வைத்தியம் பாக்க வேண்டியது ஒண்ணு இருக்குது, ஒண்ணுக்குப் போற சங்கதி. அதெ மொதல்ல சொல்லிடறேன்.

மூத்திரப் பைக்குக் கீழ, ஒண்ணுக்கு வர்ற குழாயெச் சுத்தி ஆம்பளைங்களுக்குப் புராஸ்டேட்டுன்னு ஒரு சொரப்பி இருக்குதுங்க. வயசாக வயசாக அது பெருசாகும். சின்ன வயசுல 20, 25 கிராம் அளவு இருக்கறது உங்களுக்கு இப்ப 42. ஓஸ் பைப்பெ மிதிச்சுட்டுத் தண்ணி விட்டா மெல்ல, நின்னு நின்னுதான வரும்? அதே மாதிரி இது ஒண்ணுக்குக் குழாயெ நெருக்குதுங்க. ராத்திரி மூணு நாலு தடவ எந்திரிக்கறதும் இதனாலதான் இருக்கோணும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்தப்பறம் பையில மிச்சம் எவ்வளவுன்னும் பாத்திருக்கறாங்க, 45 மில்லி. 50-க்குள்ள இருந்தா பரவால்லைன்னு கணக்குங்க. இதுக்கு மாத்திரை இருக்குது. அதோட ஒரு ரத்த டெஸ்ட்டும் எழுதுவாங்க, இந்த வயசு ஆம்பளைங்களுக்கு வழக்கமா எடுக்கறதுதான்.

ஒண்ணு மட்டும் மறந்தராதீங்க. சளி புடிச்சா மெடிக்கல்ல சும்மா மாத்திரை வாங்கிப் போடற பழக்கம் இனி வேண்டாமுங்க. அதுல சிலது ஒண்ணுக்கெ அப்படியே நிறுத்திப் போடும். புராஸ்டேட்டு பெருசா இருக்குதுன்னு சொல்லித்தான் எந்த மாத்திரையும் கேக்கோணும்.

அடுத்தது, வலது கிட்னியில சிஸ்ட். மாமா அதெக் கட்டின்னு சொல்லிட்டாராமா. கட்டியில்லீங்கப்பா. உள்ள வெறும் தண்ணி இருக்கற மெல்லிசான பை, 2 சென்டிமீட்டர் இருக்குது. சதையோ தடிப்போ இல்லாத சாதா சிஸ்ட்டுன்னு தெளிவா எழுதியிருக்கறாங்க. வயசானவங்க நெம்பப் பேருக்கு இருக்கும், மருந்து வேண்டாம்.

இடது கிட்னியில 4 மில்லிமீட்டர்ல ஒரு கல்லு. இத்தனூண்டு கல்லு பெரும்பாலும் தானாவே ஒண்ணுக்கோட வந்துரும். கிட்னி ரெண்டுமே நல்ல அளவுல இருக்குது, எங்கயும் அடைப்பு இல்லை. பகல் பூரா ரெண்டு ரெண்டரை லிட்டர் தண்ணி குடிச்சுட்டு, பொழுதுசாய ஏழு மணிக்கு மேல கொறைச்சுக்கோங்க. ராத்திரி எந்திரிக்கறதும் கொறையும்.

பித்தப்பையிலயும் ஒரு கல்லு, 6 மில்லிமீட்டர். பை வீங்கலை, பித்தக் குழாயும் அடைக்கலை. வலி இல்லாத வரைக்கும் அதெத் தொடமாட்டாங்க. பண்டிகைக்குப் பலகாரம், கறின்னு எண்ணெய் எச்சாச் சேர்ந்தா வலி வரலாம், அதெ மட்டும் பாத்துக்கோங்க. கிட்னிக் கல்லுக்குச் சொல்ற வாழத்தண்டுச் சாறு இந்தக் கல்லெ ஒண்ணும் பண்ணாது. வீணா அரைச்சுக் குடிக்காதீங்க.

ஈரல்ல கொஞ்சம் கொழுப்பு, கிரேடு 1. அதான் ஆரம்ப நெலை. காலைல அரை மணி நேரம் வேகமா நடங்க. டீக்குச் சர்க்கரையும் சாயங்கால முறுக்கு மிச்சரும் கொறைச்சாவே போதும்.

கணையத்தோட வால் பக்கம் சரியாத் தெரியலைன்னு ஒரு வரி இருக்குது. குடல்ல காத்து இருந்தா ஸ்கேன் அதெத் தாண்டிப் பாக்காதுங்க. அங்க ஏதோ கெடக்குதுன்னு அர்த்தமில்லை. தேவைன்னா வேற மாதிரி எடுத்துப் பாக்கலாமான்னு டாக்டரே சொல்லுவாரு. கடைசில டாக்டர் நேர்ல பாத்து முடிவு பண்ணோணும்னு போட்டிருக்கறது எல்லாருக்கும் போடற வரிதான்.

செவ்வாக்கெழமை தம்பி ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போவான். ஸ்கேன் பேப்பர், படம், இப்பப் போடற பிரசர் மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரே பையில எடுத்துக்கோங்க. ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கறீங்கன்னு மூணு நாளைக்குக் காலண்டர்ல அம்மாவெ எழுதி வெக்கச் சொல்லுங்க. டாக்டர் கேக்கற மொதக் கேள்வி அதாத்தான் இருக்கும்.

அதுக்குள்ள ஒண்ணுக்கு அடியோட வராமப் போனாலோ, ரத்தமா வந்தாலோ, நடுக்கத்தோட காச்சல் அடிச்சாலோ, வலது பக்க விலா எலும்புக்குக் கீழ வலிச்சு வாந்தி எடுத்தாலோ, கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சாலோ, விடியட்டும்னு பாத்துட்டு இருக்காதீங்க. தம்பியெ எழுப்புங்க, நேரா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பீருங்க.