சென்ற காலாண்டு என்பிஎஸ்: 6-ம் அதற்குக் கீழும் போட்டவர்களிடம் கேட்டதும் நாம் மாற்றப்போவதும்

அனைவருக்கும் வணக்கம்.

நம்மை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும் நம் கேள்விக்குச் சென்ற காலாண்டில் 120 வாடிக்கையாளர்கள் பதில் அனுப்பினார்கள். 9, 10 போட்டவர்கள் 54 பேர். 7, 8 போட்டவர்கள் 36 பேர். 6-ம் அதற்குக் கீழும் போட்டவர்கள் 30 பேர். முதல் பிரிவின் 45 சதவீதத்தில் கடைசிப் பிரிவின் 25 சதவீதத்தைக் கழித்தால் நம் என்பிஎஸ் 20. எண்ணைப் பற்றி இவ்வளவு போதும். அந்த 30 பேரில் 22 பேரிடம் போனில் பேச முடிந்தது. இந்த மெயில் அதைப் பற்றித்தான்.

"சர்வீஸ் ரொம்ப லேட்" என்று எழுதியவர்கள் 11 பேர். ஆள் பற்றவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பேசிப் பார்த்தால், வேலை தாமதமானதாக யாருமே சொல்லவில்லை. "இன்று வருவார்" என்று சொன்ன நாம், எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. ஒருவர் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்திருக்கிறார். மாலை ஐந்தரைக்கு டெக்னீஷியன் போய், 40 நிமிடத்தில் வாஷிங் மெஷினைச் சரிசெய்துவிட்டார். நம் ஜாப் ஷீட்டில் அது "அன்றே முடிந்தது". அவர் போட்டது 3. அவர் கோபம் நியாயமானது.

வரும் திங்கள் முதல் ஒவ்வொரு புக்கிங்குக்கும் இரண்டு மணி நேர ஸ்லாட் சொல்ல வேண்டும்: 10 முதல் 12, 12 முதல் 2 என்று. முந்தைய இடத்தில் வேலை இழுத்தால் டெக்னீஷியன் உடனே டெஸ்க்குக்குச் சொல்லட்டும். வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்வது டெஸ்க்கின் பொறுப்பு. பழுது பார்க்கிற கையோடு டெக்னீஷியன் போனும் பேச வேண்டியதில்லை.

இன்னும் 7 பேருக்கு டெக்னீஷியன் இரண்டாவது முறை போக வேண்டியிருந்தது. அதில் 5 பேருக்குக் காரணம், கையில் பாகம் இல்லாததுதான். புக்கிங்கின்போதே மெஷினில் ஒட்டியிருக்கும் மாடல் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிரெயின் பம்ப், இன்லெட் வால்வு இரண்டும் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும். ஸ்டோர் இதை வாரம் ஒருமுறை சரிபார்க்கும். மீதி 2 பேருக்கு, சரிசெய்த அதே கோளாறு திரும்பி வந்திருக்கிறது. இனி 30 நாளுக்குள் அப்படி வந்தால் விசிட் கட்டணம் கிடையாது.

மீதி 4 பேர் பில்லைப் பார்த்து அதிர்ந்தவர்கள். பாகம் மாற்றும் முன் தொகையைச் சொல்லி, சம்மதம் வாங்கி, ஜாப் ஷீட்டில் குறியுங்கள்.

அப்புறம் ஒன்று. வேலை முடிந்ததும் "10 போட்டுடுங்க சார்" என்று சிலர் கேட்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். குறைந்த மதிப்பெண் போட்டதற்காக எந்த டெக்னீஷியனின் இன்சென்டிவும் பிடிக்கப்படாது. அந்தப் பயம் இருந்தால் உண்மையான குறை நம் காதுக்கு வராது.

இனி 6-ம் அதற்குக் கீழும் போடும் ஒவ்வொருவரையும் இரண்டு வேலை நாளுக்குள் கூப்பிடுவோம். மதிப்பெண்ணை மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டோம். பேசிய 22 பேருக்கும் என்ன மாற்றினோம் என்று வெள்ளிக்கிழமைக்குள் டெஸ்க் சொல்லிவிட வேண்டும். போன் எடுக்காத 8 பேரை நானே மறுபடி கூப்பிடுகிறேன்.

நன்றி,
சர்வீஸ் மேலாளர்