பட்டறைச் சொற்கள்: புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு

தம்பி, நீ கோத்தகிரிப் பட்டறைக்கு வந்து முதல் வாரம் முடிகிறது. நான் ஒன்று கேட்க நீ வேறொன்றை எடுத்து நீட்டுகிறாய். தவறு உன்னுடையது அல்ல. பெயரை யாரும் சொல்லித்தராமலேயே கருவியைக் கையில் கொடுத்துவிட்டோம். அதனால் நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களை எழுதித் தருகிறேன். அகர வரிசையில் இல்லை. வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. வேறு ஊர்ப் பட்டறையில் சில பெயர்கள் மாறலாம். இங்கே இவைதான்.

மரம்

வைரம்: மரத்தின் நடுப்பகுதி. நிறம் அடர்ந்து, இறுகி, பூச்சியை எதிர்த்து நிற்கும். நிலைக்கும் சட்டத்துக்கும் இதுவே வேண்டும்.

வெளிறு: வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர் நிறப் பகுதி. வண்டு முதலில் குடைவது இதைத்தான். பலகை வாங்கும்போது விளிம்பில் வெளிறு எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்காமல் விலை பேசாதே.

ரேகை: மர நார் ஓடும் திசை. ரேகையோடு இழைத்தால் சுருள் சுருளாக வரும். எதிர்த்து இழைத்தால் முகம் பிய்ந்துபோகும். பலகையின் பக்கவாட்டில் கோடுகள் எந்தப் பக்கம் மேலேறுகின்றனவோ அந்தப் பக்கம் நோக்கியே இழைப்புளியைத் தள்ள வேண்டும்.

கணு: கிளை முளைத்த இடத்தின் முடிச்சு. சைப்ரஸ் பலகையில் நிறைய இருக்கும். கணுவின் மேல் பொளி வைக்காதே, ஆணி அடிக்காதே.

பதம்: மரத்தின் ஈரம் வடிந்து வேலைக்கு ஏற்ற நிலை. பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள இடைக்கட்டைகளை வைத்து, காற்று புகும்படி நிழலில் அடுக்குவோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவதற்கான பழைய கணக்கு. நம் மலையில் மூடுபனியும் மழையும் சேர்ந்து அந்தக் கணக்கை நீட்டிவிடும். பலகையின் இரு முனைகளிலும் பெயிண்ட் பூசிவிடு. முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். மேட்டுப்பாளையத்தில் உலர்ந்த மரத்தை லாரியில் ஏற்றி வந்தவுடன் அறுக்கக் கூடாது. பட்டறைக் காற்றில் சில வாரம் கிடக்கட்டும்.

கோணல்: பலகை வளைந்துவிடுவது. ஒரு முனை மட்டும் திருகிக்கொண்டால் அது முறுக்கு. சமதளத்தில் வைத்து எதிரெதிர் மூலைகளை விரலால் அழுத்திப்பார். ஆடினால் முறுக்கு.

தைல மரம்: யூகலிப்டஸ். நீலகிரியில் எங்கு பார்த்தாலும் நிற்கிறது என்பதற்காக எளிதான மரம் என்று எண்ணாதே. கடினம், கனம், உலரும்போது வெடிக்கும், முறுக்கும். துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லையென்றால் மரம் பிளக்கும்.

சில்வர் ஓக்: தேயிலைத் தோட்டத்து நிழல் மரம். சரியான வாக்கில் அறுத்தால் முகத்தில் வெள்ளிப் பொட்டுகள் மின்னும். அலமாரிக்கும் இழுப்பறைக்கும் அழகு. மழைபடும் இடத்துக்கு ஆகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஈட்டி: கூடலூர்ப் பக்கத்துக் கருநிற மரம். பழைய கட்டில், பழைய பெட்டி பழுதுபார்க்க வரும்போதுதான் உன் கைக்குக் கிடைக்கும். தாளும் ரசீதும் இல்லாமல் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் பட்டறைக்குள் வைக்காதே.

அளத்தலும் குறித்தலும்

நூல்: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ‘இரண்டு நூல் எடு’ என்றால் கால் அங்குலம் குறைக்க வேண்டும்.

கன அடி: மரம் விற்கும் அளவு. நீளம் அடியிலும், அகலமும் கனமும் அங்குலத்திலும் இருந்தால், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் என்றால் 1 கன அடி.

மூலைமட்டம்: செங்கோணம் பார்க்கும் கருவி. தடித்த கட்டைப்பகுதியை மரத்தின் நேர்செய்த விளிம்பில் ஒட்டிப் பிடித்து, தகட்டை ஒட்டிக் கோடு போட வேண்டும். கீழே விழுந்தால் சோதிக்காமல் பயன்படுத்தாதே. ஒரு கோடு போட்டு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும்.

மூலைக்கு மூலை: சட்டம் செங்கோணமா என்று பார்க்கும் வழி. எதிரெதிர் மூலைகளுக்கிடையே உள்ள இரண்டு நீளங்களும் சமமாக இருக்க வேண்டும். நிலை வைக்கும்போதும் இதையே பார்ப்போம்.

ரசமட்டம்: படுக்கை மட்டமும் நிற்கை மட்டமும் காட்டும் குமிழிக் கருவி.

தூக்குக்குண்டு: நூலில் கட்டிய எடை. நிலை நேராக நிற்கிறதா என்று பார்க்க. காற்றடிக்கும் நாளில் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் தொங்கவிட்டால் ஆடாது.

நூலடித்தல்: சாயம் தோய்த்த நூலை இரு புள்ளிகளுக்கிடையே இழுத்துப் பிடித்துச் சுண்டி, நீண்ட நேர்கோடு போடுவது. நேர் மேலாகச் சுண்டு. சாய்த்துச் சுண்டினால் கோடு வளையும்.

நேர்முகம்: முதலில் இழைத்துச் சமமாக்கிய முகம். அதில் பென்சிலால் அடையாளம் போட்டுவிடு. இனி எல்லா அளவும் அந்த முகத்திலிருந்தே.

அறுத்தல்

ரம்பம்: அறுக்கும் கருவி. ரேகையோடு அறுப்பதற்குப் பெரிய பல், ரேகைக்குக் குறுக்கே அறுப்பதற்குச் சிறிய, கூர்முனைப் பல்.

பல் சாய்த்தல்: ரம்பப் பற்களை ஒன்று இடம், ஒன்று வலமாகச் சிறிது வளைப்பது. இதனால் வெட்டு ரம்பத் தகட்டைவிட அகலமாகும், தகடு சிக்காது. ஈர மரத்துக்குச் சாய்வு சற்றுக் கூடுதலாக வேண்டும்.

முப்பட்டை அரம்: ரம்பப் பல்லைக் கூராக்கும் அரம். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்து, திரும்பும்போது தூக்கிவிடு.

கோட்டை விட்டு அறுத்தல்: வேண்டாத பக்கத்தில் ரம்பத்தை ஓட்டிக் கோடு மரத்தில் மிஞ்சும்படி அறுப்பது. மீதியை இழைத்துச் சரிசெய்யலாம். கோட்டைத் தின்றுவிட்டால் அந்தத் துண்டு வேறு வேலைக்குத்தான்.

இழைப்பும் உளியும்

இழைப்புளி: முகத்தைச் சீவிச் சமமாக்கும் கருவி. தொடக்கத்தில் முன்கையில் பாரம், முடிவில் பின்கையில் பாரம். இல்லையென்றால் இரு முனையும் தேய்ந்து நடு மேடாகும். வைக்கும்போது பக்கவாட்டில் படுக்க வை. தகடு தரையில் படக் கூடாது.

பட்டை உளி: அகல முனையுள்ள உளி. சீவுவதற்கும் மூலை சுத்தம் செய்வதற்கும்.

நகவுளி: முனை வளைந்த உளி. குழிவு எடுக்க.

கொட்டாப்புளி: உளியை அடிக்கும் மரச் சுத்தி. இரும்புச் சுத்தியலால் உளிப்பிடியை அடிப்பதை நான் பார்த்தால் அன்றைக்கு அந்த உளி உனக்கு இல்லை.

தீட்டுதல்: இந்தப் பட்டறையில் நீ முதலில் தேர வேண்டிய வேலை. உளியின் சாய்முகம் 25 பாகை. முனையில் மட்டும் 30 பாகையில் ஒரு மெல்லிய பட்டை. கல்லில் எண்ணெய் விட்டுச் சாய்முகத்தை ஒட்டவைத்து, மணிக்கட்டை ஆட்டாமல் முன்னும் பின்னும் தேய். பின்பக்கத்தில் விரலைக் குறுக்கே நகர்த்தித் தடவினால் நூலிழை போன்ற பிசிர் தட்டும். முனை முழுவதும் அது தட்டிய பிறகுதான் உளியைத் திருப்பி, பின்பக்கத்தைக் கல்லில் முழுதும் படுக்கவைத்து ஒரு தேய். பின்பக்கத்தைத் தூக்கினால் உளி என்றைக்கும் நேராக வெட்டாது. கடைசியில் தோலில் இரண்டு இழுப்பு. சில்வர் ஓக்கின் முனைப்பக்கத்தை ஒரு முறை சீவிப்பார்: வெட்டிய இடம் பளபளத்தால் கூர், வெளுத்து நொறுங்கினால் மறுபடியும் கல்லுக்குப் போ. மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதற்குத்தான் அதிக பலம் கொடுத்துத் தள்ளுவாய். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் உறைந்துவிடும். மெஷின் எண்ணெயை எடு.

பொருத்துகள்

பொளி: சட்டத்தில் வெட்டும் செவ்வகத் துளை. இதை வெட்டுவது பொளிதல். இரு பக்கமும் குறித்து, பாதி ஆழம் ஒரு பக்கத்திலிருந்தும் மீதி மறுபக்கத்திலிருந்தும் வெட்டு. ஒரே பக்கத்திலிருந்து இறக்கினால் அடிப்பக்கம் பிளந்துவரும். அகலம் சட்டக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு.

நாக்கு: பொளிக்குள் நுழையும் முனை. கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளி வேண்டும். தானாக விழுந்தால் தளர்வு. முதலிலிருந்தே அடிக்க வேண்டியிருந்தால் சட்டம் பிளக்கும்.

காடி: விளிம்பில் நீளமாக ஓடும் பள்ளம். கதவின் நடுப்பலகை இதற்குள் உட்காரும். அந்தப் பலகைக்குப் பசை போடாதே, ஆணி அடிக்காதே. மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு; அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். காடிக்குள் அது தாராளமாக நகர வேண்டும். பூட்டிவைத்தால் பலகை வெடிக்கும், அல்லது சட்டத்தையே பிரித்துவிடும்.

புறாவால்: இழுப்பறை மூலைக்குப் போடும் விரிந்த பல் பொருத்து. இப்போது உனக்கு இல்லை, அடுத்த ஆண்டு.

ஆப்பு: நாக்கின் முனையில் அடிக்கும் மெல்லிய மரத்துண்டு. நாக்கை விரித்துப் பொருத்தை இறுக்கும்.

வெள்ளைப் பசை: இப்போது எல்லோரும் பயன்படுத்தும் மரப்பசை. டிசம்பர், ஜனவரிக் காலையில் போட்டால் சுண்ணாம்பு போல் வெளுத்துப் பிடிப்பு இல்லாமல் போகும். வெயில் ஏறியபின் ஒட்டு. டப்பாவையும் குளிரில் வைக்காதே.

திருகாணி: திருப்புளியால் முறுக்கும் ஆணி. முதலில் மெல்லிய துளை, நுனியில் கொஞ்சம் சோப்பு, பிறகு முறுக்கு.

முடிப்பு வேலை

உப்புத்தாள்: தேய்க்கும் தாள். எண் கூடக்கூட மென்மை. 80, 120, 180 என்று ஏறு, எண்ணைத் தாவாதே. ரேகையோடு மட்டும் தேய். மூக்கைத் துணியால் மூடிக்கொள்.

மக்கு: ஆணிக்குழியையும் சிறு வெடிப்பையும் அடைக்கும் கலவை. மோசமான பொருத்தை மறைப்பதற்கு அல்ல.

அரக்கு பாலிஷ்: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொதியால் பூசுவது. மூடுபனி இறங்கும் மாலையில் பூசினால் ஈரம் சிக்கி வெள்ளை படரும். காலை பத்து மணிக்கு மேல், காய்ந்த நாளாகப் பார்த்துச் செய்.

கதவு மாட்டுதல்: கீல் பதித்து நிலையில் தொங்கவிடுவது. பிப்ரவரி, மார்ச்சில் மாட்டினால் பூட்டுப் பக்கம் ஒரு நூல் இடைவெளி விடு. ஐப்பசி மழையில் அது நிரம்பிவிடும். மழைக்காலத்தில் மாட்டினால் அரை நூல் போதும், கோடையில் இடைவெளி தானாகக் கூடும். மழையில் இறுகிய கதவை உடனே இழைக்கச் சொல்லி வீட்டுக்காரர் கூப்பிடுவார். மேலும் கீழும் உள்ள முனைகளில் பெயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பார். பெரும்பாலும் அங்கே மரம் வெறுமையாக இருக்கும், தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏறியிருக்கும். வெயில் வந்து காய்ந்தபின் முனையை மூடிப் பூசு. அப்போதும் இடித்தால் மட்டும் இழை.

சீவல் அள்ளுதல்: மாலையில் இழைப்புச் சீவலையும் தூளையும் கூட்டித் தனித்தனி மூட்டையாகக் கட்டு. சீவல் அடுப்புக்குப் போகும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியை மட்டும் அதற்குள் போடாதே. கசக்கிப் போட்ட துணி தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே கம்பியில் ஒற்றையாக விரித்துக் காயவைத்துவிட்டு, பிறகு கதவைப் பூட்டு.