காலை 8.30 முதல் 3 மணி வரை

அம்மாவுக்கும், உமக்கும், பிள்ளைகள் இருவருக்கும்,

நேரில் சொல்லத் தொடங்கினால் அலுப்பில் குரல் உயர்ந்துவிடும் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுகிறேன். எல்லோரும் ஒருமுறை வாசியுங்கள். சின்னவனுக்கு அக்கா வாசித்துக் காட்டட்டும்.

திங்கள் தொடங்கி மூன்று கிழமைக்கு எனக்கு இரவு வேலை. காலை 7 மணிக்கு முடித்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்க 8.30 ஆகும். அதிலிருந்து பின்னேரம் 3 மணி வரைக்கும்தான் நான் கேட்பது.

போன வியாழக்கிழமை நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. அன்று பகல் நான் துண்டு துண்டாகத்தான் தூங்கினேன். குக்கர் விசில், பிறகு வாசல் பெல், பிறகு என் போன். இரவு மூன்றரை மணி இருக்கும். கிரேனில் பெட்டியைத் தூக்கிக் கப்பல் பக்கம் கொண்டுபோகும்போது என் கண் மூடிவிட்டது. ஒரு நொடியோ இரண்டோ தெரியாது. திறந்து பார்த்தால் பெட்டி ஆடிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி, சுப்பவைசருக்குச் சொல்லி, வேறு ஆளை ஏற்றிவிட்டு இறங்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே பெட்டிகளை இறுக்கிக் கட்டும் லாஷிங் பொடியன்கள் நின்றார்கள். பத்து மாடி உயரத்துக்கு மேலே கண்ணாடித் தரையில் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால், அவர்களுடைய தொப்பி மட்டும்தான் தெரியும். நிறைந்த 40 அடிப் பெட்டி 30 தொன் வரை இருக்கும். அவர்களுக்கும் வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தத் தொப்பிகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன.

வெளிச்சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை. லூசியா கோயில் மணி, பாண் ஓட்டோவின் பாட்டு, தெருவில் லொறி இரைவது எல்லாம் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த காதுக்குப் பழகிவிட்டன. வீட்டுக்குள் கேட்பதுதான் எழுப்பிவிடுகிறது. மெதுவாக யாராவது "அப்பா" என்றாலே போதும், எந்தத் தூக்கத்திலிருந்தும் எழும்பிவிடுவேன். பகல் தூக்கம் இரவுத் தூக்கம் போல ஆழமானதும் இல்லை. உடம்பு வெளிச்சத்தைக் கண்டால் விடிந்துவிட்டது என்றே நினைக்கும். ஒருமுறை கலைந்தால் திரும்பக் கண் அயர ஒரு மணித்தியாலம் போகும். அதற்காகத்தான் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன், காற்றுக்காக என்றாலும் அதை விலக்க வேண்டாம்.

அம்மா, நீங்கள் விடியவே எழும்புகிறவர்கள். பருப்பையும் குக்கரையும் நான் வரமுன் முடித்துவிட முடியுமா? தேங்காய் திருவுவது கேட்பதே இல்லை, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். கிரைண்டர் மட்டும் 3 மணிக்குப் பிறகு. உங்கள் நாடகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. டிவி என் அறைச் சுவரோடு இருப்பதுதான் தொந்தரவு. ஞாயிறு அதை எதிர்ச் சுவருக்கு மாற்றித் தருகிறேன், நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டால் சத்தம் குறைத்தாலும் கேட்கும்.

என் போனை உம்மிடம் தந்துவிட்டுப் படுக்கிறேன். வேலையிடத்திலிருந்து எடுத்தால், நித்திரை, 3 மணிக்குப் பிறகு எடுப்பார் என்று சொல்லும். பெல் சுவிட்சை நான் படுக்கும்போது நிறுத்திவிடுவேன். கேஸ்காரர் வரும் நாளில் மட்டும் வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் 2 மணிதான் கஷ்டமான நேரம். மகனே, அப்பா படுத்திருக்கிறார் என்று நீ பயந்து பயந்து நடக்க வேண்டாம். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, கதவை அடிக்காமல் சாத்து. பந்தை மட்டும் கொரிடோரில் அடிக்காதே, ஒரு மணித்தியாலம் கீழ் முற்றத்தில் விளையாடு. 3 மணிக்கு நீயே வந்து என்னை எழுப்பு. அந்த வேலை இனி உன்னுடையது. மகள், உன் கணக்குக் கொப்பியை அதற்குப் பிறகு கொண்டுவா, வேலைக்குப் போகும்வரை உன்னோடு இருப்பேன்.

இதையெல்லாம் எழுதியதால் அவசரத்துக்கும் எழுப்பத் தயங்கிவிடாதீர்கள். அம்மாவுக்குச் சீனி இறங்கித் தலை சுற்றினால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால், உடனே வந்து காலைத் தொட்டு எழுப்புங்கள். அம்மா, முக்கியமாக நீங்கள். போன மாதம் நான் தூங்குகிறேன் என்று தலைசுற்றலோடு தனியே உட்கார்ந்திருந்தீர்கள். அப்படி இனி இருக்கக் கூடாது.

காலைச் சாப்பாட்டை மூடி மேசையில் வைத்தால் போதும், நானே போட்டுக்கொள்கிறேன். எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா