கண்ணாடிப் பாட்டில் படங்களுக்கான பிராம்ப்ட்டுகள்: வாசனைத் திரவியம், சீரம், டோனர், இரவு க்ரீம்

ஒரே வரிசையில் வெளிவரும் நான்கு பொருட்களின் படங்களை ஏஐ கருவியில் உருவாக்குவதற்காக எழுதியவை இவை. லேபிளின் எழுத்தைப் பிறகு வடிவமைப்பில் வைக்கப் போவதால், படத்தில் எழுத்தே வரக் கூடாது. எழுத்து உட்காரும் இடம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

கண்ணாடி தன்னைச் சுற்றி நிற்பதைத்தான் நமக்குக் காட்டுகிறது. அதனால் 'பளபளப்பான', 'ஆடம்பரமான' என்று அடுக்காமல், எந்த விளக்கு எங்கே நிற்கிறது, எந்த அட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். பளபளப்பு அதிலிருந்து தானாக வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சேர்க்க வேண்டியது

ஸ்டுடியோவில் எடுத்த விளம்பரப் புகைப்படம். 100 எம்எம் மேக்ரோ லென்ஸ், f/11, பாட்டிலின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை கூர்மை. கேமரா பாட்டிலின் பாதி உயரத்தில் நின்று நேராகப் பார்க்கிறது. செங்குத்துக் கோடுகள் சாயவில்லை. படத்தின் விகிதம் 4:5. தரையும் சுவரும் சேரும் கோடு தெரியாமல், பின்னணி ஒரே வளைவாக மேலே ஏறுகிறது. பின்னணியில் மிக நுண்ணிய ஃபிலிம் துகள் உண்டு, நிறம் பட்டை பட்டையாகப் பிரியவில்லை. எழுத்து, லோகோ, எண், பார்கோடு எதுவும் இல்லை. பூ, இலை, கூழாங்கல், நீர்த்துளி, துணி இல்லை. கண்ணாடியில் கேமராவோ ஆளோ ஜன்னலோ பிரதிபலிக்கவில்லை.

வாசனைத் திரவியம், பகல் வெளிச்சம்

50 மில்லி செவ்வகக் கண்ணாடிப் பாட்டில். அகலம் 55 மிமீ, கண்ணாடியின் உயரம் 70 மிமீ, தோள்பட்டை லேசாக உருண்டது. அடிப்பகுதி 12 மிமீ தடித்த கெட்டிக் கண்ணாடி. அதற்குள் திரவம் இல்லை. திரவத்தின் நிறம் அதன் ஓரங்களில் மட்டும் மெல்லிய கோடாக இறங்கித் தெரிகிறது. கழுத்தில் மங்கலான வெள்ளி நிற வளையம், அதன் மேல் பளபளப்பில்லாத தந்த நிற மூடி, 30 மிமீ உயரம்.

உள்ளே வெளிர் பீச் நிறத் திரவம், தெளிவாக, நுரையோ குமிழியோ இல்லாமல். திரவம் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மேலே சிறிய காற்று இடைவெளி உண்டு. திரவத்தின் மேல் மட்டம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் மெல்லிதாக மேல்நோக்கி வளைகிறது. ஒளி ஊடுருவும் மெல்லிய ஸ்ப்ரே குழாய் ஒன்றே ஒன்று. காற்று இடைவெளியில் தெளிவாகத் தெரியும் அது, திரவத்துக்குள் இறங்கியதும் பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது. அடியில் ஒரு பக்கமாக லேசாக வளைந்து மூலையைத் தொடுகிறது.

விளக்கு: இடது பின்பக்கம் பெரிய சாஃப்ட்பாக்ஸ், அதற்கும் பாட்டிலுக்கும் நடுவே பால் நிறத் தாள். அதனால் கண்ணாடியின் இடது ஓரத்தில் 6 மிமீ அகலத்தில் ஒரு நெடிய ஒளிப்பட்டை விழுகிறது. அதன் வெளிப்பக்கம் கூராக இருக்கிறது, உட்பக்கம் மெல்லக் கரைகிறது. வலது ஓரத்தில் அதைவிட மங்கலான, பாதி அகலமுள்ள இன்னொரு பட்டை. சட்டகத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் கறுப்பு அட்டைகள் நிற்கின்றன. அவை கண்ணாடியின் வெளி விளிம்புகளில் முடியளவு மெல்லிய கருங்கோடாகத் தெரிந்து, வெளிர் பின்னணியிலிருந்து பாட்டிலைப் பிரித்துக் காட்டுகின்றன.

லேபிள் இடம்: முன்முகத்தின் நடுவில் 30 மிமீ சதுரம், வெற்றாக. ஒளிப்பட்டையோ கருங்கோடோ இந்தச் சதுரத்துக்குள் நுழையவில்லை. அதன் வழியாகத் திரவத்தின் சீரான நிறம் மட்டும் தெரிகிறது. சதுரத்தைக் காட்டும் கோடோ, ஒட்டிய தாளோ, புடைப்போ கிடையாது.

பின்னணி: கீழே #F6E3D7, மேலே போகப் போக #C9A9A0. பாட்டிலுக்கு நேர் பின்னால்தான் அதிக வெளிச்சம், நான்கு மூலைகளும் சற்று அடங்கியிருக்கின்றன. தரை வழவழப்பான வெள்ளை அக்ரிலிக். பாட்டிலின் அடியிலிருந்து இடைவெளி விடாமல் தொடங்கும் ஒற்றைப் பிரதிபலிப்பு, மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குள் கரைந்துவிடுகிறது. ஒளி இடது பின்புறத்திலிருந்து திரவத்தின் வழியே வருவதால், வலது முன்பக்கத் தரையில் பீச் நிற ஒளித்திட்டு ஒன்று மென்மையாகப் படர்கிறது. மொத்தத்தில் அமைதியான, காலை நேரத்து உணர்வு.

அந்த ஒளித்திட்டை மட்டும் யாரும் வெட்டிவிட வேண்டாம். உள்ளே உண்மையாகவே திரவம் இருக்கிறது என்று கண் நம்புவது அதைப் பார்த்துத்தான்.

அதே பாட்டில், இரவுப் பதிப்பு

மேலே சொன்ன அதே பாட்டில், அதே அளவுகள், அதே திரவம். பின்னணி ஆழ்ந்த பிளம் நிறம் #2B1A24, பாட்டிலின் பின்னால் மட்டும் #5A3A48 வரை மெல்ல வெளுக்கிறது. இங்கே விளிம்பு வேலை தலைகீழ்: கறுப்பு அட்டைகளை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் ஒடுங்கிய ஸ்ட்ரிப் விளக்குகள். கண்ணாடியின் விளிம்புகள் மெல்லிய வெள்ளைக் கோடாக ஒளிர்கின்றன, நடு முகம் இருட்டாக இருக்கிறது. பாட்டிலின் பின்னால் மறைவாக நிற்கும் சிறிய வெள்ளை அட்டை திரவத்தை உள்ளிருந்து ஒளிர வைக்கிறது. அட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. தரை கறுப்பு அக்ரிலிக், பிரதிபலிப்பு பகல் படத்தைவிடக் கூராக. லேபிள் இடம் அதே 30 மிமீ சதுரம். தரையில் ஒளித்திட்டு இல்லை.

முகச் சீரம்

30 மில்லி பழுப்புக் கண்ணாடி டிராப்பர் பாட்டில், உருளை வடிவம், விட்டம் 33 மிமீ, டிராப்பரோடு சேர்த்து உயரம் 103 மிமீ. கறுப்பு ரப்பர் குமிழ், தூசியோ கைரேகையோ இல்லை. பழுப்பு நிறம் அடர்த்தியாகவே இருக்கட்டும், தேன் நிறமாக வெளுத்துவிட வேண்டாம். புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் தடுக்கத்தான் இந்தக் கண்ணாடி, வெளுத்தால் பொருளே மாறிவிடும்.

பாட்டிலைச் சுற்றி வெளிர் சாம்பல் கலந்த வெள்ளைத் தாள் லேபிள், பளபளப்பில்லாதது, முழுவதும் வெற்று. கண்ணாடி உடலின் உயரத்தில் நடுப்பகுதி 45 மிமீ அதன் இடம். தாள் உருளையோடு வளைந்து போவதால் நடுவில் வெளிச்சமாகவும் இரு ஓரங்களில் படிப்படியாக நிழலாகவும் இருக்கிறது. தாளின் மேல், கீழ் விளிம்புகளில் மிக மெல்லிய நிழல்.

இரண்டு ஸ்ட்ரிப் விளக்குகள் இரு பக்கமும். உருளைக் கண்ணாடியில் அவை கழுத்திலிருந்து அடி வரை ஓடும் இரண்டு குறுகிய செங்குத்துக் கோடுகளாகத் தெரிகின்றன. இடதுகோடு வலதைவிட இருமடங்கு பிரகாசம். லேபிள் வரும் இடத்தில் கோடுகள் மறைந்து, தாண்டியதும் அதே நேர்க்கோட்டில் தொடர்கின்றன. தாளுக்குப் பளபளப்பு கிடையாது. லேபிளுக்கு மேலே தெரியும் கண்ணாடியில் பிப்பெட்டின் நிழலுருவம் மங்கலாக. பின்னணி மேல் இடது மூலையில் களிமண் நிறம் #B98B73, கீழ் வலது மூலையில் #F1E6DA, சாய்வாகக் கலக்கிறது. பளபளப்பில்லாத தரை, பாட்டிலின் அடியில் இறுக்கமான சிறு நிழல், பிரதிபலிப்பு கொஞ்சம்கூட வேண்டாம்.

டோனர்

120 மில்லி உருளைப் பாட்டில், நிறமில்லாத தெளிந்த கண்ணாடி, நிறமில்லாத திரவம், வெள்ளை ஸ்க்ரூ மூடி. பின்னணி இடமிருந்து வலமாக #DCE7E6-இலிருந்து #9DB5B8 வரை. திரவம் நிறைந்த உருளை ஒரு லென்ஸ் போல வேலை செய்கிறது. அதனால் பாட்டிலின் வழியே பார்க்கும்போது பின்னணி பக்கம் மாறியிருக்கிறது: பாட்டிலுக்குள் இடப்பக்கம் அடர்ந்தும் வலப்பக்கம் வெளிர்ந்தும் தெரிகிறது. மேலே திரவம் இல்லாத பகுதியில் இந்த மாற்றம் இல்லை. லேபிள் இடம் முன்பக்கம் நடுவில், 34 மிமீ அகலம், 60 மிமீ உயரம், ஒளிக்கோடு எதுவும் குறுக்கே வராமல். வெள்ளை அக்ரிலிக் தரை, பிரதிபலிப்பு வாசனைத் திரவியப் படத்தைப் போலவே.

இரவு க்ரீம்

50 கிராம் குட்டை ஜாடி, விட்டம் 62 மிமீ, உயரம் 45 மிமீ, ஃப்ராஸ்டட் கண்ணாடி. கூரான ஒளிக்கோடே கிடையாது. ஒளி பரவலாகச் சிதறி, உள்ளிருக்கும் க்ரீமின் வெண்மை மங்கலாகக் கசிகிறது. மூடி வழவழப்பான வெள்ளை, மேல்முகம் முழுக்க லேபிளுக்கான வெற்றிடம். இந்த ஒரு படத்துக்கு மட்டும் கேமரா 30 டிகிரி மேலிருந்து பார்க்கிறது. மூடியில் சாஃப்ட்பாக்ஸின் பிரதிபலிப்பு பின்விளிம்பை ஒட்டி மெல்லிய பிறையாக மட்டும். பின்னணியும் தரையும் #EFE8E1-இலிருந்து #CFC3BC வரை.

நான்கும் ஒன்றாக

இந்தப் படத்துக்கு மட்டும் விகிதம் 4:5 அல்ல, 16:9. இடமிருந்து வலமாக: டோனர், வாசனைத் திரவியம், சீரம், க்ரீம் ஜாடி. டோனரே உயரம், ஜாடியே குட்டை. உண்மை அளவுகளின் விகிதம் மாறவில்லை. பாட்டில்களுக்கு இடையே 20 மிமீ இடைவெளி, ஒன்றையொன்று மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வெளிச்சம் ஒரே இடது பின்பக்க சாஃப்ட்பாக்ஸிலிருந்துதான், நிழல்கள் ஒரே திசையில். டோனரின் வலது ஓரத்தில் பக்கத்துப் பாட்டிலின் பீச் நிறம் மெல்லிய கீற்றாகப் பிரதிபலிக்கிறது. சீரத்தின் இடது ஓரத்திலும் அப்படியே. ஃப்ராஸ்டட் ஜாடியில் எதுவும் பிரதிபலிக்கவில்லை. பின்னணி #F6E3D7-இலிருந்து #C9A9A0 வரை. மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு தலைப்புக்காகக் காலி.

வந்த படத்தைத் திருத்த

ஒரே பிராம்ப்ட்டில் எல்லாம் சரியாக வந்துவிடாது. முழுவதையும் மறுபடி ஓட்டுவதைவிட, பிடித்த படத்தை வைத்துக்கொண்டு பிழையான இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இவற்றைக் கொடுத்தால் நல்லது.

லேபிள் இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால்: முன்முகத்தின் நடுச் சதுரத்தில் உள்ள ஒளிக்கோட்டை எடுத்துவிடு, அங்கே திரவத்தின் நிறம் மட்டும் சீராக இருக்கட்டும், இடது வலது ஓரப் பட்டைகளைத் தொடாதே.

தரைப் பிரதிபலிப்பு பொருந்தாவிட்டால்: பாட்டிலின் கீழ்ப்பகுதியை அப்படியே தலைகீழாகப் பிரதிபலி, அடிவிளிம்பில் இரண்டும் தொடட்டும், மூன்றில் ஒரு பங்குக்குள் கரையட்டும், இரண்டாவது நிழலுருவம் வேண்டாம்.

ஸ்ப்ரே குழாய் இரண்டாகத் தெரிந்தால்: ஒரே குழாய், கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கி வலது அடிமூலை வரை, திரவத்துக்குள் பாதி மறைந்தபடி.

கண்ணாடி பிளாஸ்டிக் போல இருந்தால்: அடிக் கண்ணாடியின் தடிமனைக் கூட்டு, வெளி விளிம்புகளில் மெல்லிய கருங்கோட்டைச் சேர், ஒளிப்பட்டையின் ஒரு பக்கத்தைக் கூராக்கி மறுபக்கத்தைக் கரைய விடு.

பின்னணி பட்டை பட்டையாகப் பிரிந்தால்: பின்னணியில் மட்டும் நுண்ணிய துகளைச் சேர், நிறமாற்றத்தை இன்னும் மெதுவாக்கு, பாட்டிலைத் தொடாதே.

சமூக ஊடக ஸ்டோரிக்காக 9:16: பாட்டில் அதே அளவில் கீழ்ப் பாதியில் நிற்கட்டும். மேலே பின்னணியை மட்டும் நீட்டு, கிரேடியன்ட் #C9A9A0-இல் நிற்காமல் #B08F88 வரை தொடரட்டும், துகளின் அளவு மாற வேண்டாம்.