ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் இன்று ஐம்பது

போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இன்று காலை பாபநாசம் கோயில் படித்துறையில் எடுத்தது. தாத்தா கேமராவைப் பார்க்கிறார். ஆச்சி பார்ப்பது தாத்தாவின் சட்டைப் பட்டனை. "ரெண்டாவது பட்டனை மூணாவது ஓட்டையில மாட்டிட்டு நிக்காவ, பாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. மீனுக்கு வாங்கிய பொரிப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, பட்டனைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த படத்துக்கு நின்றாள். அந்த அடுத்த படம் அழகாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, இதையே போடுகிறேன்.

1975 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை, கல்லிடைக்குறிச்சியில் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். இன்றும் வெள்ளிக்கிழமைதான். நடுவில் ஐம்பது வருஷம். பத்திரிகையில் "நிகழும் மங்களகரமான ராட்சச வருஷம் ஆவணி மாதம்" என்று அச்சடித்திருக்கும். தாத்தாவுக்கு அது போதும். "வருஷத்துக்குப் பேரே ராட்சசன். நாட்டுல அப்போ எமர்ஜென்சி வேற. நான் எங்க தப்பிக்க?" என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு புது மாப்பிள்ளையிடமும் சொல்வார். ஆச்சி அடுக்களையில் இருந்தே, "எமர்ஜென்சிய எடுத்துட்டாவ, இவுகள யாரு எடுக்கா?" என்பாள். இந்த வசனம் வரும் இடத்தை நாங்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஆனாலும் சிரிப்பு வந்துவிடும்.

தாத்தா வி.கே.புரம் மில்லில் வேலை பார்த்தவர். அந்த ஊரில் கடிகாரம் வேண்டாம், மில் சங்கு போதும். கல்யாணம் ஆகி வந்த புதிதில், சங்கு ஊதினால் பயந்துபோய் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாளாம் ஆச்சி. அப்புறம் அந்தச் சங்கை வைத்தே சோறு வடித்தாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். தாத்தாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் பகலில் அவர் தூங்கும் அறை வாசலில் ஒரு ஈரத் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் அந்தப் பக்கம் யாரும் பேசக் கூடாது, நடக்கும்போது கொலுசுச் சத்தம்கூட வரக் கூடாது. ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷம் ஆகிறது. மத்தியானம் தாத்தா கண்ணயர்ந்தால் இன்றைக்கும் அந்தத் துண்டு தொங்குகிறது. நான் லீவுக்கு வந்து சத்தமாகப் போன் பேசினால், ஆச்சி வாயைத் திறக்க மாட்டாள். விரலை மட்டும் துண்டின் பக்கம் நீட்டுவாள்.

காலைக் காப்பிக்கு வருகிறேன். உடன்குடிக் கருப்பட்டியை அம்மிக் குழவியால் தட்டி, சுக்கும் மல்லியும் போட்டுக் கொதிக்கவிட்ட காப்பிதான் எங்கள் வீட்டில் எப்போதும். தாத்தாவுக்குச் சர்க்கரை வந்த நாளில் இருந்து அவர் தம்ளரில் கருப்பட்டி கிடையாது. அதோடு ஆச்சியும் தன் காப்பியில் கருப்பட்டியை விட்டுவிட்டாள். ஆனால் தட்டும்போது சிதறும் தூளை மட்டும் உள்ளங்கையில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். தாத்தா பேப்பரை மடக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார். ஆச்சி, "டாக்டர்ட்ட சொல்லிருவேன்" என்பாள். கை நீட்டியபடியே இருக்கும். கடைசியில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு அந்தக் கையில் விழும். அதை அவர் கடிக்க மாட்டார், கன்னத்தில் அடக்கிக்கொண்டு தலையங்கம் முழுவதையும் வாசித்து முடிப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் கூடிவிட்டால் ஒரு வாரத்துக்குக் கை நீட்டல் ரத்து. அந்த ஒரு வாரம் ஆச்சிதான் சரியாகச் சாப்பிட மாட்டாள். எங்கள் அம்மாவுக்கு இதைப் பார்த்தால் எரிச்சல். எனக்கு அப்படி இல்லை.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் புரிய நாள் எடுக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் "இந்தா, கேக்கியா" என்பார். இவள் "என்னங்க" என்று ஆரம்பிப்பாள், அவசரம் என்றால் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். தாத்தாவுக்குச் சொரிமுத்து என்று பெயர் வைத்ததில் ஆச்சிக்கு வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆடி அமாவாசைக்குச் சுற்றுப்பட்டு ஊரே வண்டி கட்டிக்கொண்டு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும். எங்கள் ஆச்சி வாயில் அது "காரையாறு கோயில்"தான். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போதும் அதேதான். ஒருமுறை பேங்கில் கணவர் பெயர் கேட்டிருக்கிறார்கள். "காரையாத்துல இருக்காருல்லா, அவரு பேரு" என்றாளாம். பையனுக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரன் போலிருக்கிறது.

தாத்தாவின் பாடு இன்னும் வேடிக்கை. ஆச்சி பெயர் உலகம்மாள். பாபநாசத்தில் அம்பாளும் உலகம்மைதான். வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் போவார்கள். ஆச்சி சந்நிதி முன்னால் இருக்கும் உரலில் மஞ்சள் இடிப்பாள். தாத்தா கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, மில் மெஷின் சத்தத்துக்குப் பழகிய குரலில், "தாயே உலகம்மா!" என்று போடுவார் ஒரு சத்தம். வீட்டில் வாயே திறக்காத பெயர், கோயிலில் மண்டபம் அதிர வரும். நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது ஒருநாள் பக்கத்தில் நின்றேன். இடித்துக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்தாமல் ஆச்சி மெதுவாக, "இங்கதான நிக்கேன்" என்றாள். தாத்தாவுக்குக் கேட்டிருக்கும். கண்ணைத் திறக்கவில்லை, மீசை மட்டும் அசைந்தது. இன்று காலையும் சத்தம் வந்தது, குரல் முன்பு போல இல்லை, இடையில் இருமல். நான் ஆச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னாள்.

இரண்டு பெயரும் சேர்ந்து இருக்கிற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், பத்தமடைப் பாய். ஆச்சியின் தாய்மாமா சீராகக் கொடுத்தது. பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி நெய்யச் சொன்னால் ஓரத்தில் கோரையிலேயே எழுத்து வரும்படி நெய்து கொடுப்பார்கள். எங்கள் பாயில் "சொரிமுத்து" சரியாக இருக்கிறது. மறுபக்கம் "உலகமாள்". ஒரு எழுத்து குறைகிறது. "அந்தக் காலத்துல நீ அவ்வளவு ஒல்லி, அதான் எழுத்தும் குறைஞ்சிட்டு" என்பது தாத்தாவின் விளக்கம். அந்தப் பாயில் யாரும் ஒரு ராத்திரிகூடப் படுத்தது கிடையாது. பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் இருக்கும். வருஷத்தில் ஒருநாள், கல்யாண நாளில், கீழே இறங்கும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உதறுவார்கள், வெயில் நேரே படாத இடத்தில் விரிப்பார்கள், வெயில் பட்டால் சிவப்பு மங்கிவிடுமாம். சாயங்காலம் திரும்பச் சுருட்டும்போது சண்டை வரும். அவர் பெயர்ப் பக்கம் இருந்து சுருட்ட வேண்டுமா, இவள் பெயர்ப் பக்கம் இருந்தா என்று. இன்றைய சண்டை இன்னும் நடக்கவில்லை, ஐந்து மணிக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

மத்தியானச் சாப்பாடு மறுவீட்டுச் சாப்பாடு மாதிரியே சொதி. மாமா சமையலுக்கு ஆள் ஏற்பாடு செய்திருந்தார். பாவம் அந்த மனுஷன். காய் மூன்றாம் பாலில்தான் வேக வேண்டும், முதல் பால் ஊற்றிய பிறகு கொதி வரக் கூடாது, பாசிப்பருப்பு கரைந்து கெட்டியாகக் கூடாது என்று ஆச்சி பட்டுச் சேலையோடு அடுப்புப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இஞ்சிப் பச்சடியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. சொதி இறங்கியதும் முதல் கரண்டி ஒரு கிண்ணத்தில் தாத்தாவுக்குப் போனது. அவர் உறிஞ்சிவிட்டுத் தலையை ஆட்டும் வரை பந்தி போடவில்லை. உப்பு சரியா என்று பார்ப்பது கல்யாணத்துக்கு மறுநாளில் இருந்து அவர் வேலை. அவருக்கு இப்போது உப்பும் குறைவாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், நாக்குக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் தலை ஆடியது. சொதியில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான், நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி வெற்றிலை. தாத்தா காம்பைக் கிள்ளி, நுனியைக் கிள்ளி, பின்பக்க நரம்பை நகத்தால் ஒரே இழுப்பில் உரித்து, வேட்டியில் ஒரு துடைப்புத் துடைத்துச் சுண்ணாம்பு தடவுவார். ஆச்சி பாக்குவெட்டியோடு எதிரே. பல் போன பிறகு ஒரு சின்ன உரல் வந்திருக்கிறது, இடித்து இரண்டு பங்கு வைப்பாள். அந்த நேரத்தில்தான் அன்றைக்கு ஊரில் யார் செத்தது, யாருக்குக் குழந்தை, கரண்டு பில் எவ்வளவு எல்லாம் பேசப்படும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் சென்னையில் இருந்தேன். டவர் இல்லை, போன் போகவில்லை. டிவியில் தாமிரபரணியைப் பார்த்துவிட்டு எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒருவழியாக லைன் கிடைத்தபோது ஆச்சி எடுத்த எடுப்பில் சொன்னது: "வெத்தலைக்காரன் வரல பிள்ளே. ஒங்க தாத்தா வெறும் பாக்க வச்சு மென்னுக்கிட்டு உம்முன்னு இருக்காவ." அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

வாழ்த்துச் சொல்ல நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். "ஹேப்பி ஆனிவர்சரி" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சொரிமுத்து, உலகம்மாள் என்று இரண்டு பெயரையும் முழுசாக எழுதுங்கள். வெற்றிலை நேரத்தில் எல்லாக் கமெண்டையும் நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டப்போகிறேன். தாத்தா பெயர் வரும்போதெல்லாம் ஆச்சி பாக்கு வெட்டுவதை நிறுத்துவாளா என்று பார்க்க வேண்டும்.

#பொன்விழா #ஆச்சிதாத்தா #பாபநாசம் #விகேபுரம்