கிண்டி பட்டறையிலிருந்து பொங்கல் வாழ்த்து

சென்னை
ஜனவரி 10, 2026

அன்புடையீர்,

வணக்கம். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும், அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்யும் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த பொங்கல் நல்வாழ்த்துகள்.

ஜெனரேட்டர் பார்க்கும் எங்களுக்குப் பொங்குவது என்றாலே கொஞ்சம் பயம்தான். ரேடியேட்டர் பொங்கிவிட்டது என்று போன் வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓட வேண்டும். வருஷத்தில் தை ஒன்றாம் தேதி மட்டும்தான், ஏதாவது பொங்கி வழிந்தால் நாங்கள் கைதட்டுகிறோம்.

போகிக்காகப் போன வாரமே பட்டறையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தோம். எங்களிடம் எரிக்கிற மாதிரி எதுவும் கிடையாது. பழைய ஆயிலும் பேட்டரியும் மறுசுழற்சிக்குப் போய்விடும். அலமாரியின் அடித்தட்டில் மட்டும் பழைய புகார் நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. தூக்கிப் போடலாம் என்று எடுத்தவர்கள் அப்படியே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குச் சுத்தம் செய்த லட்சணம் அவ்வளவுதான்.

அதில் 2023 டிசம்பர் 4 என்று தேதி போட்ட பக்கம் ஒன்று. மிக்ஜாம் புயல் நாள். பக்கம் முழுக்க பென்சில் எழுத்து, பாதி ஈரத்தில் அழிந்திருக்கிறது. "பெருங்குடி. தண்ணீர் மேடைக்கு இன்னும் இரண்டு விரற்கடை. வண்டி போகாது. போனிலேயே சொல்கிறேன்" என்று எங்கள் மூத்த மெக்கானிக் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு வரி: "செக்யூரிட்டி அண்ணன் ஆஃப் செய்துவிட்டார். பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டார். மிஷின் தப்பித்தது."

அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். எங்கள் இரண்டு வண்டிகளும் வேளச்சேரியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டன. போன் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து அறுந்து போனது. இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் போனுமாக நின்று, "தம்பி, சிவப்பா கறுப்பா, எதை முதலில் கழற்றணும்?" என்று கேட்டவர் உங்களில் ஒருவருடைய வாசல் காவலர். கறுப்பு என்று சொல்லிவிட்டு இங்கே ஏழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒப்பந்தத்தில் அந்த வேலை எங்கள் பெயரில்தான் இருக்கிறது. செய்தவர் அவர்.

நோட்டைப் புரட்டப் புரட்ட இப்படி நிறைய வந்தது. இரவு 2 மணிக்கு வந்த எங்கள் பையனுக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லையே என்று மொட்டை மாடி வரைக்கும் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிய ஹவுஸ்கீப்பிங் அம்மா. தவறான ஃபில்டரை எடுத்து வந்துவிட்டோம் என்று தலையைச் சொறிந்தபோது, திட்டாமல், "சரி, டீ குடித்துவிட்டுப் போய் எடுத்து வாருங்கள்" என்ற அட்மின் மேலாளர். (அந்தத் தவறு எங்களுடையது. அதன் பிறகு ஃபில்டர் எண்ணை வண்டிக் கதவிலேயே எழுதி ஒட்டிவிட்டோம்.) மாதக் கடைசியில் எங்கள் பில் தொலைந்துவிடாமல் தேடி எடுத்து மேலே நகர்த்திவிடும் கணக்குப் பிரிவு அக்காக்கள். இவர்களில் பலரை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் தெரியும். இந்த அட்டை உங்கள் மேசைக்கு வந்திருந்தாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். தயவுசெய்து அவர்கள் கண்ணிலும் படுகிற மாதிரி கொஞ்ச நாள் எங்காவது வையுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று, கூட உழைத்த மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசி நன்றி சொல்வது வழக்கம். உங்களை அப்படி ஒப்பிட்டு வம்பில் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கூட உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல வாரம் வேறு இல்லை.

அட்டையோடு ஒரு சின்னத் துணிப்பையும் வந்திருக்கும். ஒரு கிலோ பச்சரிசி, அரைக் கிலோ வெல்லம், ஒரு மஞ்சள் கொத்து. அரிசி எங்கள் மெக்கானிக் ஒருவரின் வந்தவாசிப் பக்கத்து வயலில் இப்போதுதான் அறுத்தது. பரிசுப் பொருள் வாங்கக் கூடாது என்று உங்கள் நிறுவனத்தில் விதி இருந்தால் சங்கடப்பட வேண்டாம். திருப்பியும் அனுப்ப வேண்டாம். காவலர் அறையிலோ கேன்டீனிலோ கொடுத்துவிடுங்கள். யார் வீட்டுப் பானையில் ஏறினாலும் எங்களுக்குச் சந்தோஷம்.

இன்னொன்று. அட்டை அடித்துக் கொடுத்தவர், "பின்பக்கம் காலியாக இருக்கிறதே, உங்கள் சேவைகளை வரிசையாகப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். உங்களுக்கு எங்களைத் தெரியும், எங்கள் குறைகளும் தெரியும். பொங்கலும் அதுவுமாக அந்தப் பேச்சு எதற்கு? அந்த இடத்தில் மெக்கானிக்கின் அம்மா சொன்ன சர்க்கரைப் பொங்கல் பக்குவத்தைப் போட்டிருக்கிறோம்.

பண்டிகை நாட்களில் என்ன ஏற்பாடு என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் 13ஆம் தேதி இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடுவார்கள். நான்கு பேர் இங்கேயே இருக்கிறார்கள். அதில் இருவர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் வந்தவர்கள். "அப்போது நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், இப்போது நாங்கள்" என்று அவர்களே முன்வந்தார்கள். உங்கள் போனில் இருக்கும் அதே எண்தான். கூப்பிடும் தேவை வராமல், கரண்ட் போகாமல், நீங்களும் வீட்டில் நிம்மதியாகக் கரும்பு கடிக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. காணும் பொங்கலன்று மெரினாப் பக்கம் போவதாக இருந்தால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இது தொழில்முறை ஆலோசனை இல்லை, பட்ட அனுபவம்.

பொங்கலோ பொங்கல்!

என்றும் அன்புடன்,
உங்கள் ஜெனரேட்டர் பராமரிப்புக் குழுவினர் 23 பேரும்
கிண்டி தொழிற்பேட்டை, சென்னை

(அட்டையின் பின்பக்கம்)

அம்மா சொன்ன சர்க்கரைப் பொங்கல்

ஒரு ஆழாக்குப் பச்சரிசிக்குக் கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு. பருப்பை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். பானையில் தண்ணீரோடு கொஞ்சம் பால் ஊற்றி, அது பொங்கி வழிந்ததும் அரிசியையும் பருப்பையும் களைந்து போடுங்கள். பையில் இருப்பது புது அரிசி, சீக்கிரம் குழைந்துவிடும்; வழக்கத்தைவிடத் தண்ணீர் கொஞ்சம் குறைவாகப் போதும். ஒன்றரை ஆழாக்கு வெல்லத்தைத் தட்டிக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லப் பாகு. அவசரப்பட்டு முன்னாலேயே ஊற்றினால் அரிசி அதற்கு மேல் வேகாது. நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய் கடைசியில். நெய் எவ்வளவு என்று கேட்டோம். "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்றார்.

பானை எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து, வேலை நிமித்தம் எங்களைக் கூப்பிடும்போது சொல்லுங்கள். போன வருஷம் பட்டறையில் வைத்த பானை நேராக வெல்டிங் மிஷின் பக்கம் வழிந்தது.