கணினி எழுதிய விடுதி, படகுப் பதிவுகள்: மாதிரிச் சோதனைத் திட்டம்

திருகோணமலை அலுவலகம். சரிபார்க்கும் இருவருக்கும் பதிவேற்றும் பிரிவுக்கும்.

கையில் 1,200 பதிவுகள் உள்ளன. உரிமையாளர்கள் நிரப்பிய படிவங்களை வைத்துக் கணினி எழுதியவை. அத்தனையையும் வாசிக்க ஆளில்லை.

எத்தனை பார்ப்பது

படகு, சுழியோடல், புறாத்தீவுப் பயணம் பற்றிய 80 பதிவுகளில் ஒன்றையும் விடக்கூடாது. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போதும் "ஆண்டு முழுவதும் நீந்தலாம்" என்று கணினி இனிமையாக எழுதிவிடும்.

மீதி 1,120இல் 150. அதில் கடும்பிழை ஒன்றுமே அகப்படாவிட்டால், 3ஐப் பார்த்த எண்ணிக்கையால் வகுக்கும் விதியின்படி, அதாவது 3/150, அந்த 1,120இல் கடும்பிழை ஏறத்தாழ 2%க்குள் என்று 95% உறுதியோடு சொல்லலாம். 1% என்று சொல்ல 300 பார்க்க வேண்டும். ஆபத்தான பகுதியை முழுதாகப் பார்ப்பதால் இப்போதைக்கு 2% போதும்.

விரிதாளில் `=RAND()` கொண்டு கலக்கி, முதல் 150ஐ எடுங்கள். எடுத்த பட்டியலைத் தனியே சேமித்துவிடுங்கள். தெரிந்த விடுதி, அழகான படம் என்று யாரும் பொறுக்க வேண்டாம்.

எது கடும்பிழை

பயணி பெட்டியோடு வந்திறங்கி ஏமாறுவதோ, ஆபத்தில் மாட்டுவதோ நடந்தால் அது கடும்பிழை. ரூபாவுக்குப் பதில் டொலர், உப்புவெளி விடுதியை நிலாவெளியில் வைப்பது, மின்விசிறி அறைக்கு ஏசி, தவறான தொலைபேசி எண், நுழைவுக் கட்டணம் தனி என்றிருக்க "எல்லாம் சேர்த்து" என்பது. படிவத்தில் வெறுமையாக விட்ட இடத்தைக் கணினி தானே நிரப்பியிருந்தாலும் கடும்பிழைதான். சுடுநீர் பற்றி உரிமையாளர் ஒன்றும் எழுதவில்லை, பதிவிலோ சுடுநீர் வருகிறது. இந்த வகைதான் கண்ணுக்குத் தப்பும், ஏனென்றால் வாசிக்க உறுத்தாது. அதனால் முதலில் படிவம், அப்புறம் பதிவு. மாற்றி வாசிக்க வேண்டாம்.

"கடலோரம்" என்ற சொல் வந்தால் வரைபடத்தில் பாருங்கள். வீதிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் படிவத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதைக் கணினியின் பிழையாகக் குறிக்காமல், உரிமையாளருக்கு அழைத்துக் கேளுங்கள்.

அறை எண்ணிக்கை, காலை உணவு நேரம் தவறினால் நடுத்தரப் பிழை. எழுத்துப்பிழையை எண்ணிவிட்டுத் திருத்துங்கள், போதும்.

என்ன செய்வது

150இல் கடும்பிழை ஒன்று வந்தாலே பதிவேற்றம் நிற்கும். அதே வகைப் படிவத்தில் வந்த எல்லாப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். இரண்டு வந்தால் 1,120ஐயும். நடுத்தரப் பிழை 6 வரை திருத்திவிட்டுப் போகலாம். 7 ஆனால் கணினிக்குக் கொடுத்த அறிவுறுத்தலைத் திருத்தி மறுபடி எழுத வைத்து, புதிதாக 150 எடுக்க வேண்டும். பழைய 150ஐயே மீண்டும் பார்ப்பதில் பயனில்லை.

30 பதிவுகளை இருவருமே, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், சோதிக்க வேண்டும். கடும்பிழையில் கருத்து வேறுபட்டால் அதைக் கடும்பிழையாகவே வைத்துக்கொள்வோம். பதிவொன்றுக்கு 6 நிமிடம். மொத்தம் 26 மணிநேரம், இருவருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 13. வியாழன் மாலைக்குள் முடிவு என் மேசைக்கு வரட்டும்.